ஒரே கையில் வளையலும் கைக்கடிகாரமும்: உரசாமல், உடைக்குப் பொருந்த அணிவது எப்படி?

ஒரு கையில் கடிகாரம், மறு கையில் வளையல் என்பதே இந்தியப் பெண்களிடம் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இப்போது இரண்டையும் ஒரே மணிக்கட்டில் சேர்த்து அடுக்கி அணிவது பரவலாகிவிட்டது. திருமண வரவேற்புகளில் பட்டுப் புடவையுடனும், அலுவலகங்களில் குர்தாவுடனும் இதைக் காண முடிகிறது. எந்தக் கையும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று கருதும் குடும்பங்களுக்கும் இந்த முறை வசதியாக இருக்கிறது.

ஆனால், சில மாதங்கள் இப்படி அணிந்த பிறகு பலர் இரண்டு குறைகளைச் சொல்கின்றனர். தங்க வளையலின் விளிம்பில் மெல்லிய கீறல்கள் விழுகின்றன என்பது ஒன்று. வளையலும் கடிகாரமும் தங்க நிறத்திலேயே இருந்தும் சேர்ந்து பார்க்கும்போது ஏதோ ஒட்டாமல் தெரிகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தெளிவான காரணங்கள் உண்டு. எவற்றை, எந்த அளவில், எந்த வரிசையில் அணிகிறோம் என்பதைச் சிறிது மாற்றினாலே இரண்டையும் பெருமளவு தவிர்க்கலாம்.

ஒன்று நிற்கும், மற்றொன்று ஓடும்

கைக்கடிகாரம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். வளையல் அப்படி நிற்காது. விரல் கணுக்களைத் தாண்டித்தான் அது கைக்குள் ஏற வேண்டும் என்பதால், மணிக்கட்டைவிட எப்போதும் பெரியதாகவே இருக்கும். கையை உயர்த்தினால் முழங்கையை நோக்கி ஓடும். தொங்கவிட்டால் உள்ளங்கையை நோக்கி இறங்கும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் நடுவில் நிற்கும் கடிகாரத்தில் மோதுகிறது.

எனவே, ‘எத்தனை வளையல் அணியலாம்’ என்பதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்த வளையல் எவ்வளவு தூரம் ஓடும்’ என்பதே. அதற்கான விடை வளையலின் அளவில் இருக்கிறது.

2.4, 2.6, 2.8: எண்கள் சொல்வது என்ன?

கடைகளில் வளையல்கள் 2.4, 2.6, 2.8 என்ற அளவுகளில் விற்கப்படுகின்றன. இவை தசம எண்கள் அல்ல. முதல் எண் அங்குலத்தையும், புள்ளிக்குப் பின்னுள்ள எண் ஓர் அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பதையும் குறிக்கின்றன. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும். அதாவது உள்விட்டம் சுமார் 5.7 சென்டிமீட்டர். 2.6 வளையலின் உள்விட்டம் சுமார் 6 சென்டிமீட்டர், 2.8 வளையலுக்கு 6.35 சென்டிமீட்டர்.

தனக்குரிய அளவை அறிய, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல்களைக் குவித்து, கணுக்கள் இருக்கும் அகன்ற பகுதியைச் சுற்றி அளவு நாடாவால் அளக்க வேண்டும். அந்தச் சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் தேவையான உள்விட்டம் கிடைக்கும். சுற்றளவு 18.7 சென்டிமீட்டர் என்றால் உள்விட்டம் சற்றேறக்குறைய 6 சென்டிமீட்டர், அவருக்கு 2.6 பொருந்தும்.

எளிதாகக் கழற்றி மாட்டலாம் என்பதற்காக ஓர் அளவு பெரிதாக வாங்குவது பலரது பழக்கம். வளையல் மட்டும் அணிபவருக்கு அதில் பெரிய தீங்கில்லை. கடிகாரத்துடன் அணிபவருக்கு அதுவே தொல்லையின் தொடக்கமாகிறது. மணிக்கட்டின் சுற்றளவு 15.5 சென்டிமீட்டராக இருப்பவர் 2.6 வளையல் அணிந்தால், வளையலின் உள்சுற்றளவு மணிக்கட்டைவிட ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். 2.8 அணிந்தால் இந்தத் தளர்வு நாலரை சென்டிமீட்டரைத் தொடும். அவ்வளவு தளர்வு இருந்தால், மெலிதான கடிகாரமாக இருக்கும்பட்சத்தில் வளையல் அதன் பக்கத்தில் நிற்காமல் கண்ணாடியின் மீதே ஏறிச் சென்றுவிடும். ஆகவே, கடிகாரத்துடன் அணிவதற்கான வளையல் கணுக்களைச் சற்று சிரமத்துடன் தாண்டும் அளவில் இருப்பதே நல்லது.

இதற்கு மாற்றாக உள்ளது ஸ்க்ரூ வளையல். ஒரு பக்கம் திறந்து, மறுபடி பூட்டிக்கொள்ளும் அமைப்பு அது. கணுக்களைத் தாண்ட வேண்டியதில்லை என்பதால், மணிக்கட்டை ஒட்டிய அளவிலேயே வாங்க முடியும். அடுக்கில் அதிகம் ஓடாத ஒரே வளையல் இதுதான்.

கடிகாரத்தின் இடம் எது?

மணிக்கட்டின் வெளிப்புறத்தில், சுண்டுவிரல் பக்கமாக ஓர் எலும்பு துருத்தி நிற்கும். அதற்கு ஒரு விரல் அகலம் மேலே, முழங்கைப் பக்கமாகக் கடிகாரத்தைக் கட்டி, வளையல்களைக் கடிகாரத்துக்கும் உள்ளங்கைக்கும் இடையில் விடுவதே பெரும்பாலோருக்குப் பொருந்தும் வரிசை. நிற்கும்போதும் நடக்கும்போதும் கை தொங்கிக்கொண்டிருப்பதால், வளையல்கள் கட்டைவிரலின் அடிப்பகுதிக்கு இறங்கிக் கடிகாரத்தைவிட்டு விலகியே இருக்கும்.

இதைத் தலைகீழாக மாற்றி, கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமும் வளையல்களை முழங்கைப் பக்கமும் அணிந்தால், கை தொங்கும் நேரமெல்லாம் வளையல்களின் முழு எடையும் கடிகாரத்தின் மீது சாய்ந்திருக்கும். கடிகாரத்தின் இருபுறமும் வளையல் அணிவது புகைப்படத்தில் அழகாகத் தெரியும். நாள் முழுவதும் அணிந்தால், கையை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து மோதல் இருந்துகொண்டே இருக்கும்.

பரிந்துரைக்கப்படும் வரிசையிலும் ஒரு குறை உண்டு. நேரத்தை மாற்றப் பயன்படும் திருகு, பெரும்பாலான கடிகாரங்களில் மூன்று மணி எண்ணின் பக்கம் அமைந்திருக்கிறது. இடது கையில் கட்டும்போது அந்தத் திருகு உள்ளங்கையை நோக்கி, அதாவது வளையல்கள் இருக்கும் பக்கமாகவே நிற்கும். கைப்பேசியைப் பார்க்கக் கையை உயர்த்தும்போது பின்னோக்கி வரும் வளையல், முதலில் தட்டுவது இந்தத் திருகைத்தான். வளையலின் விளிம்பு மாட்டி, திருகு சற்றே வெளியே இழுக்கப்பட்டால் பேட்டரியில் இயங்கும் கடிகாரம் நின்றுவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுசெல்லும் முன், திருகை உள்ளே அழுத்திப் பார்ப்பது நல்லது. திருகு வெளியே நிற்கும் நிலையில் கை கழுவினால், தண்ணீர் உள்ளே செல்லவும் வழியுண்டு.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. ஒன்று, அடுக்கை வலது கைக்கு மாற்றுவது. வலது கையில் திருகு முழங்கையை நோக்கித் திரும்பிவிடுவதால் வளையல் அதைத் தொடாது. வலது கையால் எழுதுபவர்களுக்கு இது சிரமம் தரும். அவர்களுக்கு ஏற்றது இரண்டாவது வழி: கடிகாரத்தை அடுத்து மென்மையான ஒரு தடுப்பு வளையல். தமிழகத்தில் எளிதில் கிடைக்கும் பட்டு நூல் வளையல் இதற்கு மிகவும் பொருத்தமானது. பிளாஸ்டிக் வளையத்தின் மீது நூல் சுற்றப்பட்டிருப்பதால், அது கடிகாரத்தில் மோதினாலும் கீறாது. பின்னால் வரும் உலோக வளையலின் வேகத்தையும் தாங்கிக்கொள்ளும்.

எது எதைக் கீறும்?

கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும். தாதுக்களின் கடினத்தன்மையை ஒப்பிடப் பயன்படும் மோஸ் அளவுகோலில் தங்கத்தின் இடம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில். கடிகாரங்களில் பயன்படும் துருப்பிடிக்காத எஃகு ஐந்துக்கு மேல் நிற்கிறது. 916 முத்திரை பெற்ற 22 காரட் நகையில் 91.6 சதவீதம் தங்கமே இருப்பதால், அதில் சேர்க்கப்படும் செம்பும் வெள்ளியும் சிறிதளவே உறுதி தருகின்றன. ஆகவே, எஃகுக் கடிகாரமும் தங்க வளையலும் உரசும்போது பெரும்பாலும் தேய்வது வளையல்தான்.

ஒரு கீறலில் போகும் தங்கம் மிகச் சிறிது. ஆனால் கீறல்களை மறைக்க ஒவ்வொரு முறை மெருகு போடும்போதும் மேற்பரப்பிலிருந்து சிறிதளவு தங்கம் அகற்றப்படுகிறது. பழைய வளையலைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது எடையே விலையைத் தீர்மானிக்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே வெற்றிடம் கொண்ட குழல் வளையல்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. கடிகாரக் கூட்டின் கூர்மையான மூலையில் மோதினால் அவை நசுங்கும். அந்த நசுங்கலைத் தடம் தெரியாமல் சரிசெய்வது கடினம்.

கல் பதித்த வளையல்களில் நிலைமை மாறுகிறது. அங்கே சேதமடைவது கடிகாரக் கண்ணாடி. விலை குறைந்த, நடுத்தர விலைக் கடிகாரங்களில் பெரும்பாலும் இருக்கும் மினரல் கண்ணாடியின் கடினத்தன்மை ஆறை ஒட்டியது. ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று விற்கப்படும் கியூபிக் சிர்கோனியா கற்கள் எட்டுக்கு மேல். அவை மினரல் கண்ணாடியை எளிதில் கீறும். ஒன்பதில் இருக்கும் சஃபையர் கண்ணாடியை அவற்றால் கீற முடியாது. பத்தில் நிற்கும் உண்மையான வைரத்தால் முடியும். எந்த வகைக் கண்ணாடி என்பது பல கடிகாரங்களின் பின்மூடியில் ‘மினரல் கிரிஸ்டல்’ அல்லது ‘சஃபையர் கிரிஸ்டல்’ என ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் பெருமளவில் தயாராகும் கண்ணாடி வளையல்களுக்குக் கீறலைவிட உடைப்பே கவலை. எஃகுக் கூட்டில் மோதி உடைந்தால், சில்லு தோலில் குத்தக்கூடும். கண்ணாடி வளையல் அணிந்தே தீர வேண்டும் என்றால், அவற்றைக் கடிகாரம் இல்லாத கைக்கு மாற்றுவது பாதுகாப்பானது.

ஏறக்குறைய ஒத்த நிறமே உறுத்தும்

கடிகாரமும் வளையலும் தங்க நிறத்தில் இருந்தும் ஒட்டாமல் தெரிவது ஏன்? 22 காரட் தங்கத்தின் மஞ்சள் ஆழமானது, சற்றே செம்மை கலந்தது. தங்க நிறக் கடிகாரங்கள் பெரும்பாலும் எஃகின் மீது மெல்லிய பூச்சு இடப்பட்டவை. அந்தப் பூச்சின் நிறம் பல மாடல்களில் வெளிறிய மஞ்சளாகவே இருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தங்கமே. பக்கத்தில் வைத்தால் ஒன்று மங்கியதுபோலத் தோன்றும். ரோஸ் கோல்டு கடிகாரத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடும்.

முழுமையாக ஒத்துப்போகாத இரண்டை ஒட்டி வைப்பதைவிட, தெளிவாக வேறுபடும் இரண்டை வைப்பது கண்ணுக்கு இதமாக இருக்கும். பாதி எஃகும் பாதி தங்க நிறமுமாக வரும் இருநிறப் பட்டை கொண்ட கடிகாரம் இதனால்தான் பல உடைகளுக்கு எளிதில் பொருந்துகிறது. அதில் உள்ள வெள்ளை உலோகம், நிற வேறுபாடு தற்செயலானது அல்ல, தெரிந்தே செய்தது என்று காட்டிவிடுகிறது. பழுப்பு நிறத் தோல் வார் கொண்ட கடிகாரமும் இதே வேலையைச் செய்யும். தோல் வாராக இருந்தால், பக்கவாட்டில் வளையல் உரசும் உலோகப் பரப்பும் குறைகிறது. இரு நிறங்களுக்கும் நடுவே ஒரு பட்டு நூல் வளையலோ, ஹைதராபாத் அல்லது ஜெய்ப்பூரின் அரக்கு வளையலோ வந்தால், கண் இரண்டையும் நேரடியாக ஒப்பிடாது. மோதலைத் தடுக்கும் அதே வளையல் நிறத்தையும் பிரித்துக்கொடுக்கிறது.

உடையுடன் பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது சரிகையின் நிறம். தங்கச் சரிகைப் பட்டுக்குத் தங்க வளையலும், வெள்ளிச் சரிகைக்கு வெள்ளி அல்லது எஃகும் முன்னிற்கட்டும். அடுத்து, தடுப்பு வளையலின் நிறத்தைப் புடவையின் கரையிலிருந்து எடுத்துக்கொள்வது எளிய வழி. புடவையின் உடல் நிறத்தையே வளையலுக்கும் எடுத்தால், கை புடவையோடு கலந்து தெரியாமல் போய்விடும். மூன்றாவதாக, கையின் நீளம். புடவை ரவிக்கையின் குட்டைக் கையும் முக்கால் கையும் அடுக்கு முழுவதையும் காட்டும். மணிக்கட்டு வரை வரும் குர்தா கையில் வளையல்கள் துணிக்குள் போய்ச் சுருங்கி நிற்கும். அங்கே கடிகாரமும் ஒரேயொரு ஸ்க்ரூ வளையலும் போதும்.

ஓர் உதாரணம்: அரக்கு நிறப் பட்டும் பச்சைக் கரையும்

அரக்குச் சிவப்பு நிறக் காஞ்சிபுரம் பட்டு, பச்சைக் கரை, தங்கச் சரிகை. அணிபவரின் மணிக்கட்டு 15.5 சென்டிமீட்டர். கையிருப்பில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள நான்கு தங்க வளையல்கள், 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல்கள், தங்க நிற உலோகப் பட்டை கொண்ட ஒரு கடிகாரம், தோல் வார் கொண்ட மற்றொரு கடிகாரம் ஆகியவை உள்ளதாகக் கொள்வோம்.

முதலில் இடத்தை அளக்க வேண்டும். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு மேலே கட்டிய பின், அதன் கீழ் விளிம்பிலிருந்து கட்டைவிரலின் அடி வரை உள்ள தூரம் இவருக்கு 4 சென்டிமீட்டர். வளையல்களுக்குரிய இடம் அவ்வளவே. நான்கு தங்க வளையல்களும் பன்னிரண்டு கண்ணாடி வளையல்களும் சேர்ந்தால் 5.6 சென்டிமீட்டர் ஆகிவிடும். மீதமுள்ளவை, கை தொங்கும்போதுகூடக் கடிகாரத்தின் மீது ஏறித்தான் நிற்கும்.

எனவே கண்ணாடி வளையல்கள் முழுவதும் வலது கைக்குச் செல்கின்றன. இடது கையில் நான்கு தங்க வளையல்கள் 2 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கும் கடிகாரத்துக்கும் இடையே 8 மில்லிமீட்டர் அகலத்தில் பச்சைப் பட்டு நூல் வளையல் ஒன்று சேர்கிறது. மொத்தம் 2.8 சென்டிமீட்டர். கை தொங்கும்போது கடிகாரத்துக்கும் அடுக்குக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெற்றிடம் கிடைக்கிறது. கை உயரும்போது முதலில் வந்து தொடுவது நூல் வளையல்தான்.

கடிகாரங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? தங்க நிற உலோகப் பட்டையின் வெளிறிய மஞ்சள், 22 காரட் வளையல்களின் அருகே மங்கித் தெரியும். பழுப்புத் தோல் வார் அந்த ஒப்பீட்டுக்கே இடம் தராது. அரக்குச் சிவப்புக்கு அருகில் அதுவே அடக்கமாகவும் இருக்கும். கறுப்பு வார் மட்டுமே இருந்தால், பட்டின் நிறங்களுக்கு நடுவே அது கையைத் துண்டாக வெட்டிக் காட்டும். அந்த நிலையில் உலோகப் பட்டையை அணிந்து, நடுவில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு நூல் வளையல்களைச் சேர்ப்பது மேல். அப்போது அடுக்கு 3.6 சென்டிமீட்டர் ஆகும். இருக்கும் இடத்துக்குள் அதுவும் அடங்கிவிடும்.

மறுநாள் இதே பெண் பருத்திப் புடவையில் அலுவலகம் செல்வதாக இருந்தால், நான்கு தங்க வளையல்கள் இரண்டாகக் குறைவது நல்லது. மேசையில் கை வைத்துத் தட்டச்சு செய்யும்போது வளையல்கள் கீழே இறங்கிப் போக முடியாது. மேசையும் கையும் சேர்ந்து அவற்றைக் கடிகாரத்தை நோக்கித் தள்ளும்.

ஸ்மார்ட் கடிகாரம் அணிபவர்களுக்கு

ஸ்மார்ட் கடிகாரத்தின் பின்புறம் உள்ள ஒளி உணரி, தோலை ஒட்டி இருந்தால்தான் இதயத் துடிப்பைச் சரியாகக் கணக்கிடும். வளையல் கடிகாரத்துக்கு அடியில் நுழைந்தாலோ, பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்தாலோ அளவீடு தவறும். பக்கத்தில் உள்ள பொத்தானை வளையல் அழுத்துவதும் அடிக்கடி நிகழும். பல ஸ்மார்ட் கடிகாரங்களில் அமைப்புகளுக்குள் சென்று, பொத்தான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளலாம். பொத்தான் முழங்கைப் பக்கம் வரும்படி மாற்றி, கடிகாரத்தைத் திருப்பிக் கட்டினால், இடது கையிலேயே இந்தத் தொல்லை தீரும். உடற்பயிற்சியின்போது வளையல்களைக் கழற்றிவிடுவதே சரியான அளவீட்டுக்கு வழி.

சேதம் தொடங்கிவிட்டதை அறிவது எப்படி?

வாரம் ஒருமுறை வளையலைச் சன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கலாம். மெல்லிய கோடுகள் ஒரு விளிம்பில் மட்டும் நெருக்கமாக இருந்தால், அந்தப் பக்கம்தான் கடிகாரத்தில் உரசுகிறது என்று பொருள். பூச்சு இடப்பட்ட கடிகாரத்தில், திருகின் முனையும் கூட்டின் கீழ் மூலைகளும் முதலில் வெளுத்து, உள்ளிருக்கும் எஃகின் வெள்ளை நிறம் தெரியத் தொடங்கும். கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு வளையல்களில், உரசும் இடத்தில் கறுப்பு போய்ப் பளபளப்பான கோடு தோன்றும். பட்டுப் புடவையின் முந்தானையில் ஒரே உயரத்தில் நூல் இழைகள் இழுபட்டிருந்தால், கடிகாரத்தின் கொக்கியையும் கல் வளையலின் பற்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

வெளியே கிளம்பும் முன் ஒரு நிமிடச் சோதனையும் போதுமானது. அடுக்கை அணிந்தபடி கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, பிறகு முழுவதுமாகத் தொங்கவிட்டு, இறுதியாக மேசை மீது வைத்துப் பார்க்க வேண்டும். உலோகத்தின் மீது உலோகம் மோதும் ‘டிங்’ என்ற ஓசை கடிகாரத்தின் பக்கத்திலிருந்து வந்தால், அங்கே ஒரு நூல் வளையல் சேர வேண்டும் அல்லது ஓர் உலோக வளையல் மறு கைக்குப் போக வேண்டும். வளையல்கள் தங்களுக்குள் குலுங்கும் ஓசை மட்டும் கேட்டால், அடுக்கு சரியாக அமைந்திருக்கிறது.